குரலஞ்சல், கண்ணுக்கு முன்னால்

அமெரிக்காவில் குரலஞ்சல் கேட்பது முன்பெல்லாம் பொறுமைக்குச் சோதனை. ஒரு எண்ணை அழைத்து, ரகசிய எண்ணை அழுத்தி, வந்த வரிசையிலேயே கேட்க வேண்டும். ஐந்தாவது செய்திதான் அவசரம் என்றாலும் முதல் நான்கைத் தாண்டியாக வேண்டும்.

2007இல் வந்த ஐபோன் அவற்றைப் பட்டியலாக்கியது. யார், எப்போது, எவ்வளவு நேரம் பேசினார் என்று பார்த்து, வேண்டியதை மட்டும் தொட்டுக் கேட்கலாம்.

2016இல் பேச்சு எழுத்தாகவும் வந்தது. கூட்டத்தில் இருப்பவர் அறிவிப்பைக் கண்டதும் சத்தமில்லாமல் வாசித்துவிடலாம். பல் மருத்துவமனையிலிருந்து ஒரு செய்தி: “வியாழன் மூன்று மணிக்கு மாற்றியிருக்கிறோம், ____ கேளுங்கள்.” பிடிபடாத பெயருக்குக் கருவி கோடிட்டு இடம் விடுகிறது; அந்த நேர்மை அழகு.

ஆனால் தவறாகக் கேட்ட சொல் சரியானதுபோலவே நிற்கவும் கூடும். நேரத்தையும் எண்ணையும் ஒருமுறை காதால் கேட்டுவிடுங்கள்.