புள்ளி விழுந்த இடம்

நம் இலக்கிய வட்டத்தில் வாசிக்கப்படும் சிறுகதைகளில் பெரும்பாலானவை விட்டுவந்த ஊரைப் பற்றியவை. நாம் பகல் முழுதும் உட்கார்ந்திருக்கும் அலுவலகம் அவற்றில் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். அந்தக் குறையைப் போக்க வந்திருக்கிறது அண்மையில் கையெழுத்துப் படியாகச் சுற்றுக்கு வந்த ஒரு கதை. அதில் சறுக்கல்களும் உண்டு, அவையும் பேசத்தக்கவையே.

கோவில்பட்டியிலிருந்து புனேக்கு வந்து, அனலிஸ்டாகச் சேர்ந்து மூன்றே மாதமான ஒரு பெண். வாடிக்கையாளரான கம்பெனிக்குப் பல நாடுகளில் தொழிற்சாலைகள். எந்தத் தொழிற்சாலை, யாரிடம், எதை, எவ்வளவுக்கு வாங்கியது என்று தொகுத்துச் செலவின அறிக்கை தயாரிப்பதுதான் அவள் வேலை. ஜெர்மன் தொழிற்சாலைக்கு மரத் தட்டுகள் (சரக்கை அடுக்கி ஃபோர்க்லிஃப்டால் தூக்குவார்களே, அவைதாம்) விற்ற ஒரு சிறு வியாபாரியின் வரியில் அவள் கண் நிற்கிறது. ஓராண்டுக் கொள்முதல் 49.2 யூரோ!

பிழையின் காரணத்தை ஆசிரியர் சரியாகவே பிடித்திருக்கிறார். ஜெர்மானியர் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியும், தசமத்துக்குக் காற்புள்ளியும் இடுவார்கள். நாம் நேர் எதிர். நாற்பத்தொன்பதாயிரத்து இருநூறை அங்கே 49.200 என்று எழுதி அனுப்பினால், நம் ஊர் அமைப்பில் உள்ள எக்செல் அதை 49.2 என்று வாங்கிக்கொள்ளும். எச்சரிக்கையும் கிடையாது, சிவப்புக் கோடும் கிடையாது. யாரும் தவறாகத் தட்டச்சு செய்யவில்லை, ஆனாலும் தொகை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிட்டது.

ஆனால் கண்டுபிடிக்கும் காட்சியில்தான் இடறல். அவள் தொகையை எண்ணிக்கையால் வகுக்கிறாள். 6,150 தட்டுகளுக்கு 49.2 யூரோ என்றால் ஒரு தட்டு ஒரு சென்ட்டுக்கும் கீழே வருகிறது, திடுக்கிடுகிறாள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணிக்கையும் அதே கோப்பில்தானே வந்தது? அங்கே அது 6.150 என்றல்லவா இருந்திருக்கும்? அதுவும் 6.15 ஆகச் சுருங்கியிருக்க வேண்டும். இப்போது 49.2-ஐ 6.15-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 8 யூரோ வரும். அதுதான் உண்மை விலை! இரண்டு பத்தியும் ஒரே அளவில் சுருங்கியதால், விலையை வைத்துச் சோதிப்பவர் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். காட்டிக்கொடுப்பது விலை அல்ல, அந்த 6.15 தான். மரத் தட்டை யாரும் ஆறு சொச்சம் வாங்க முடியாது. எண்ணிக்கை மட்டும் கிடங்குக் கணக்கிலிருந்து தனியாக வந்தது என்று ஒரு வரி போட்டிருந்தால் ஆசிரியர் கணக்கு நிற்கும். போடவில்லை.

மேலாளரை வில்லனாக்கியதிலும் எனக்கு உடன்பாடில்லை. "சார், இந்த வரி தப்பா இருக்கு" என்று அவள் போய் நிற்கிறாள். "விடும்மா, கோடிக்கணக்கான மொத்தத்துல இது தூசு" என்கிறார் அவர். ஒரு வரியை மட்டும் பார்த்தால் மனிதர் சொல்வது நியாயமே. ஆனால் அந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்த, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு தொகையும் இப்படித்தான் சுருங்கியிருக்கும். பத்து லட்சத்தைத் தாண்டியவற்றில் இரண்டு புள்ளிகள் வருவதால் எக்செல் அவற்றை எண்ணாகவே ஏற்காது. எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும், கூட்டுத்தொகையிலும் சேராது. ஆயிரத்துக்குக் கீழே உள்ளவை மட்டும் பிழைத்திருக்கும். அதாவது, அவள் கண்டது ஒரு தவறு அன்று, ஒரு கோப்பு முழுவதும் கெட்டதற்கான அடையாளம். இதைச் சொல்லத் தெரியாமல் அவள் திரும்புவதாக எழுதியிருந்தால் மேலாளரும் மனிதராகவே இருந்திருப்பார், கதையும் கனத்திருக்கும். ஆசிரியரோ அந்த ஒற்றைப் புள்ளியோடு நின்றுவிட்டார்.

இவ்வளவு குறை சொல்லியும் கதையை நான் இரண்டு முறை வாசித்ததற்குக் காரணம் அதன் கடைசிக்கு முந்தைய காட்சி. இத்தகைய அறிக்கையைப் பெரிய தொகையிலிருந்து கீழ்நோக்கி அடுக்கித்தான் பார்ப்பார்கள். தொகை பெருகினால் முதல் பக்கத்திலேயே அகப்பட்டுவிடும். சுருங்கினால் அடியில் போய் 'மற்றவை' என்ற தலைப்பின் கீழ் மறைந்துவிடும். அடியில் கிடக்கும் சில்லறை வியாபாரிகளைக் கழித்துக்கட்டுவது வாடிக்கையாளரின் அடுத்த திட்டம். நீக்க வேண்டிய வியாபாரிகளின் பட்டியலை அவள் வரிவரியாக வாசிக்கிறாள். ஒரு தொழிற்சாலைக்கே ஆண்டு முழுதும் தட்டு கொடுத்தவன் பெயரும் அதில் இருக்கிறது, பக்கத்தில் 49.2 என்ற எண்ணோடு. ஆசிரியர் இங்கே அவள் மன ஓட்டம் எதையும் எழுதவில்லை. அவள் பட்டியலை மூடாமல், மேலாளர் அறைக்கு மறுபடியும் நடக்கிறாள், அவ்வளவுதான்.

அதன்பின் வரும் பதவி உயர்வுப் பத்தியை, அச்சேறும் முன் ஆசிரியர் அடித்துவிடலாம்.