வாக்கியக் கடைசியும் கம்ப்ரஸரும்

ஒலிநூல் வாசிப்பைப் பதிவு செய்பவர்களிடையே இன்று ஒரு நடைமுறை வழக்கமாகிவிட்டது. Audacity போன்ற இலவச மென்பொருளில் பதிவைத் திறக்க வேண்டியது. ஈக்குவலைசரில் அடித்தொனியைக் கொஞ்சம், மேல்தொனியைக் கொஞ்சம் ஏற்ற வேண்டியது. பிறகு கம்ப்ரஸரை அழுத்தமாகப் போட்டு, எல்லாச் சொற்களும் ஒரே உரப்பில் கேட்கும்படி செய்துவிட வேண்டியது. யாரோ சேமித்துக் கொடுத்த அமைப்பு ஒன்று இருந்தால் வேலை ஐந்து நிமிடம். குரல் தெளிவாகவும் சீராகவும் வரும் என்பது இந்த நடைமுறை தரும் வாக்குறுதி. சீர்மையைப் பொறுத்தவரை அந்த வாக்குறுதி பெரும்பாலும் நிறைவேறுகிறது. தெளிவு அப்படியில்லை. கம்ப்ரஸர் தரும் ஒவ்வொரு டெசிபல் சீர்மைக்கும் அறையின் இரைச்சலும் எதிரொலியும் குரலை நோக்கி ஓரளவு நெருங்கி வருகின்றன. ஆகவே சீர்மையில் எவ்வளவை இந்தக் கருவியிடம் கேட்பது, எவ்வளவை அதற்கு முன்பே வேறு வழியில் சம்பாதிப்பது என்பதுதான் உண்மையான கேள்வி.

சீர்மை வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. தமிழ் உரைநடைக்கு அது கூடுதலாகவே வேண்டும். தமிழ் வாக்கியத்தின் பாரம் கடைசியில் இருக்கிறது. யார் செய்தார், எப்போது செய்தார், செய்தாரா இல்லையா என்பதையெல்லாம் வினைமுற்று சொல்கிறது. அந்த வினைமுற்று வருவதோ வாசிப்பவரின் மூச்சு தீர்ந்து குரல் இறங்கும் இடத்தில். ‘அந்தக் கடிதத்தை அவன் கடைசி வரைக்கும் பிரிக்கவே இல்லை’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘அந்தக் கடிதத்தை’ என்று தொடங்கும்போது உச்சம் −6 டெசிபலைத் தொடுகிறது. ‘இல்லை’ −20 டெசிபலில் அமுங்கிப் போகிறது என்று வைப்போம். பேருந்தில் போனில் கேட்பவருக்கு வாக்கியத்தின் முக்கால் பாகம் கேட்டிருக்கும். அவன் கடிதத்தைப் பிரித்தானா இல்லையா என்பது மட்டும் கேட்டிருக்காது. ஒலியைத் திருத்தவே கூடாது, நல்ல வாசிப்புக்கு நல்ல மைக் போதும் என்று சொல்லும் தூய்மைவாதிகளுக்கு இதுவே பதில். அமைதியான அறையில் ஹெட்போனில் கேட்பவரை மட்டும் மனதில் வைத்து ஒலிநூல் செய்ய முடியாது. தேர்ந்த வாசிப்பாளரும் பக்கம் புரட்டும்போது மைக்கிலிருந்து விலகுகிறார். தூரம் இரட்டிப்பானால் நேராக வந்து சேரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் இறங்கிவிடும்.

இதே வாக்கியத்தை வழக்கமான முறையில் கம்ப்ரஸருக்குள் அனுப்பிப் பார்க்கலாம். Threshold என்னும் வரம்பு −18, விகிதம் 3:1. தொடக்கச் சொல் வரம்பைவிட 12 டெசிபல் மேலே இருக்கிறது. அது மூன்றில் ஒன்றாகச் சுருங்கி 4 ஆகிறது, அதாவது −14க்கு இறங்குகிறது. ‘இல்லை’ வரம்புக்குக் கீழே இருப்பதால் தொடப்படாமல் −20லேயே நிற்கிறது. இடைவெளி 14 டெசிபலிலிருந்து 6 ஆகிவிட்டது, நல்ல பலன்தான். ஆனால் மொத்த ஒலியும் தணிந்துவிட்டதால், உச்சத்தைப் பழையபடி −6க்குக் கொண்டுவர எல்லாவற்றையும் 8 டெசிபல் ஏற்றுகிறோம். மின்விசிறியும் கணினியும் தெருவும் சேர்ந்த அறை இரைச்சல் அதுவரை −66 டெசிபலில் இருந்திருந்தால் இப்போது −58. அமேசானின் ஒலிநூல் தளமான ஏசிஎக்ஸ் கேட்பது இரைச்சல் −60க்கு மேல் போகக்கூடாது, சராசரி உரப்பு −23க்கும் −18க்கும் இடையே இருக்க வேண்டும், உச்சம் −3ஐத் தாண்டக்கூடாது என்பது. தேறியிருக்க வேண்டிய அறை, கம்ப்ரஸரால் தோற்கிறது. பின்னால் உரப்பை ஒட்டுமொத்தமாகக் குறைத்து எண்ணைச் சரிக்கட்டலாம். ஆனால் குரலுக்கும் இரைச்சலுக்கும் இடையே சுருங்கிய தூரம் சுருங்கியதுதான். ஒரே அளவாக ஏற்றுவதோ இறக்குவதோ அதை மீட்டுத் தராது.

இதற்கு மாற்று இருக்கிறது, கொஞ்சம் கைவேலை மட்டும் கேட்கிறது. முதலில் ‘பிரிக்கவே இல்லை’ என்ற துண்டை மட்டும் தேர்ந்து 5 டெசிபல் ஏற்றுகிறோம். அது −15க்கு வருகிறது. பிறகு வரம்பை −15ல் வைத்து, விகிதத்தை 2:1 ஆகத் தளர்த்துகிறோம். தொடக்கச் சொல் 9 டெசிபலுக்குப் பதில் 4.5 டெசிபல் மேலே நிற்கிறது, அதாவது −10.5. ஈடுகட்ட 4.5 டெசிபல் ஏற்றினால் போதும். இப்போது வாக்கியத்தின் தலைக்கும் வாலுக்கும் இடைவெளி 4.5 டெசிபல்தான், முந்தைய முறையைவிடக் குறைவு. மௌனங்களில் இரைச்சலோ −61.5. கையால் ஏற்றிய துண்டுக்குள் மட்டும் இரைச்சல் இன்னும் 5 டெசிபல் கூடுதலாக இருக்கும், ஆனால் அங்கே குரல் அதை மூடிவிடும். துண்டின் எல்லையைச் சொல் முடிந்த உடனே, மௌனம் தொடங்குவதற்கு முன் வெட்டுவதில்தான் கவனம் வேண்டும். இல்லாவிட்டால் இரைச்சல் ஒரு படி ஏறி இறங்குவது தனியாகக் காதில் விழும்.

ஒரு மணி நேரப் பதிவில் நூற்றுக்கணக்கான வாக்கியங்கள் இருக்கும், ஒவ்வொன்றின் கடைசியையும் யார் தேடித்தேடி ஏற்றுவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லா வாக்கியமும் இப்படி அமுங்குவதில்லை. பத்தியின் இறுதி, நீண்ட கூட்டு வாக்கியத்தின் இறுதி, மூச்சு தீர்ந்த இடம் என்று ஒரு வாசிப்பாளரின் சரிவுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியான இடங்களில் வரும். அலைவடிவத்தைப் பார்த்தாலே மெலிந்த வால்கள் தெரியும். அவை மிக அதிகமாக இருந்தால், அது ஒலித்திருத்தத்தின் வேலையல்ல. அந்தப் பத்தியை மூச்சு பிரித்து மறுபடி வாசிப்பதே சுருக்கமான வழி. சரிவை முழுக்கத் தீர்த்துவிடவும் கூடாது. வாக்கியம் முடிந்தது என்று கேட்பவருக்குச் சொல்வதே அந்த இறக்கம்தான். 4 அல்லது 5 டெசிபல் மிச்சமிருந்தால் சொல் கேட்கும், முடிவும் தெரியும்.

சேமித்த அமைப்பு எல்லா அத்தியாயங்களையும் ஒன்றுபோல ஆக்கும் என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை உண்டு. வரம்பு என்பது ஒரு நிலையான எண் என்பதை இந்த வாதம் மறந்துவிடுகிறது. திங்கட்கிழமை பதிவைவிட வியாழக்கிழமை பதிவு 6 டெசிபல் தாழ்ந்திருந்தால், அதே −18 வரம்பை வியாழனின் பல சொற்கள் எட்டவே எட்டா. ஒரே அமைப்பு ஒரு நாளை இறுக்கி, இன்னொரு நாளை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். பரிகாரம் எளிது. கம்ப்ரஸருக்கு முன்னால் Loudness Normalization வழியாக எல்லாக் கோப்புகளையும் ஒரே சராசரி உரப்புக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், முடிந்த பிறகு இன்னொரு முறையும் அதையே செய்ய வேண்டும். முதல் முறை கம்ப்ரஸருக்காக, இரண்டாம் முறை கேட்பவருக்காக. பகிரப்படும் அமைப்புகளில் இந்த முதல் படியை அடிக்கடி காணோம்.

இறுக்கிய கம்ப்ரஸர் விடுவிக்க எடுக்கும் நேரத்தையும் தமிழ்க் காதோடு பார்க்க வேண்டும். ‘பத்து’, ‘கட்டு’, ‘பக்கம்’ போன்ற சொற்களில் இரட்டித்த மெய்க்கு நடுவே காற்று அடைபட்டு ஒரு சிறு மௌனம் இருக்கிறது. Release நேரத்தை 50 மில்லிசெகண்ட் போலக் குறுக்கி வைத்தால், அந்த மௌனத்துக்குள்ளேயே கருவி கையை விட்டுவிடுகிறது. அறை இரைச்சல் சொல்லுக்கு நடுவே எம்பி எழுகிறது, அடுத்து வெடிக்கும் ‘து’ தேவைக்கு மேல் தெறிக்கிறது. 200 அல்லது 300 மில்லிசெகண்டில் இந்தத் துடிப்பு அடங்கும். இதைக் கண்டுபிடிக்க, குரலைக் கேட்காமல் சொற்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை ஹெட்போனில் கேட்க வேண்டும். அது மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கினால் இறுக்கம் மிகுதி என்று அர்த்தம்.

ஈக்குவலைசரின் கணக்கு வேறு. அதில் குறைப்பது பெரும்பாலும் நன்மை, கூட்டுவது பெரும்பாலும் கடன். Filter Curve EQ தரும் Low roll-off for speech என்ற வளைவு, மைக் தாங்கியின் அதிர்வையும் ‘ப’கரக் காற்று மோதலையும் சேர்த்து அடிமட்டத்தை வெட்டுகிறது. சாதாரண ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண்ணே 85 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் என்பதால் குரல் பெரிதாக எதையும் இழப்பதில்லை. இதைக் கம்ப்ரஸருக்கு முன்பே செய்ய வேண்டும். இல்லாவிட்டால் காதுக்குச் சரியாக எட்டாத அதிர்வுகள் கருவியைத் தூண்டி, காரணமில்லாமல் குரலை அமுக்கும். 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை அடைசலாக ஒலித்தால் 2, 3 டெசிபல் குறைத்துப் பார்க்கலாம். அந்த அடைசல் மைக்கை வாயருகே வைத்ததால் வந்ததென்றால் சரியாகும். சிறிய அறையின் சுவர்களிலிருந்து வந்ததென்றால் ஆகாது. எதிரொலி என்பது குரல் சற்றுத் தாமதித்துத் திரும்பி வருவது. தொனியை மாற்றும் கருவி தாமதத்தை நீக்காது. கம்ப்ரஸரோ அந்தத் தாமத வாலை இன்னும் முன்னுக்கு இழுத்து வரும். கட்டிலில் கிடக்கும் மெத்தையைச் சுவரில் சாய்ப்பது இங்கே எந்த வளைவையும்விடப் பயன்படும்.

மேல்தொனியை ஏற்றினால் தெளிவு வரும் என்ற நம்பிக்கை ஆங்கில வாசிப்புக்கான வழிகாட்டிகளிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் உரசொலிகள் நிறைய. அவற்றின் ஆற்றல் 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் பரவிக் கிடக்கிறது. தமிழில் குழப்பம் வரும் இடங்களில் முக்கியமானது ல, ள, ழ. இவற்றைப் பிரித்துக் காட்டும் குறிகளில் முதன்மையானது குரல்பாதையின் மூன்றாம் ஒத்ததிர்வு. நாக்கை மடிக்கும்போது அது கீழே இறங்குகிறது, ழகரத்தில் வெகுவாக. அது நிகழ்வது ஏறக்குறைய 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில். ஆகவே 6000 ஹெர்ட்ஸைத் தூக்குவதால் ‘பழம்’ தெளிவாகாது; ‘சொன்னான்’, ‘சிரித்தாள்’ என்பவற்றின் சகரம்தான் சீறும். 2500ஐ ஒட்டி 2 டெசிபல் மென்மையாக ஏற்றுவதில் ஏதோ நியாயம் இருக்கிறது, அதுவும் வாசிப்பவர் நாக்கை மடித்திருந்தால் மட்டுமே. லகரமாகச் சொன்ன ழகரத்தை எந்தக் கருவியும் திருத்தாது.

இத்தனைக்குப் பிறகும், அழுத்தமாகத் திருத்திய பதிவே கேட்க நன்றாக இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். கொஞ்சம் உரக்கக் கேட்கும் ஒலியைக் காது மேலானதாக எடுத்துக்கொள்ளும். திருத்திய பதிவு பெரும்பாலும் உரக்கத்தான் இருக்கும். இரண்டையும் ஒரே சராசரி உரப்புக்கு, −20 டெசிபலுக்கு என்று வைப்போம், கொண்டுவந்து மாற்றி மாற்றிக் கேட்டால்தான் ஒப்பீடு செல்லும். கேட்கத் தேர்வதும் சாதாரண விவரணைப் பத்தியாக இருந்தால் போதாது. ஒரு பாத்திரம் ரகசியம் சொல்லும் உரையாடல் உள்ள பக்கமாக இருக்கட்டும். −20ல் நிற்கும் முணுமுணுப்பு, வாசிப்பவரின் மூச்சு தீர்ந்ததால் வந்ததா, கதை கேட்டதால் வந்ததா என்று கம்ப்ரஸருக்குத் தெரியாது. இரண்டையும் அது ஒரே கணக்கில்தான் நடத்தும். அந்தப் பக்கத்தைத் தனித் தடத்துக்கு மாற்றி, விகிதத்தை 1.5:1 ஆகக் குறைத்தோ கம்ப்ரஸரே இல்லாமலோ விட்டுவிட்டு, உரப்பை மட்டும் கையால் பொருத்துவது நல்லது.