உடலோடு வாழும் முத்தர்

ஞானம் வந்ததும் அறியாமை தொலைகிறது. அறியாமையால் வந்த கட்டும் தொலைகிறது. அப்படியானால் உடல் மட்டும் ஏன் விழாமல் நிற்கிறது? சீவன்முத்தி பற்றிய வாதங்கள் எல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் தொடங்குகின்றன.

குயவன் பானையை எடுத்துக்கொண்டு போன பிறகும் சக்கரம் சற்று நேரம் சுழல்கிறதல்லவா, அந்த உவமையைச் சாங்கியகாரிகை சொல்கிறது. சங்கரரும் பிரம்மசூத்திர உரையில் அதையே கையாள்கிறார். சேர்த்து வைத்த வினை ஞானத்தால் அழியும். இனி வரும் வினை ஒட்டாது. உடலாக விளைந்து பயன்தரத் தொடங்கிவிட்ட பிராரப்தம் மட்டும் அனுபவித்தே தீரும்.

இராமானுஜர் இதை ஏற்கவில்லை. உடலோடு இருப்பதே கட்டு. உடலோடு இருந்துகொண்டே விடுபட்டவன் என்பது, தன் தாயை மலடி என்று மகன் சொல்வதற்கு ஒப்பு என்று ஸ்ரீபாஷ்யத்தில் மறுக்கிறார். அவருடைய மரபில் முத்தி உடல் விழுந்த பின்புதான்.

அத்வைதத்திற்குள்ளேயே அளவுகோலை இறுக்கியவர் 14-ஆம் நூற்றாண்டின் வித்யாரண்யர். ஜீவன்முக்திவிவேகம் என்ற நூலில் அவர் மூன்றைக் கேட்கிறார்: உண்மையை அறிதல், பழைய பழக்கத்தின் சுவடான வாசனை தேய்தல், மனம் அடங்குதல். முதலாவது வந்தவரிடமும் மற்ற இரண்டும் குறையலாம் என்பதற்கு அவர் காட்டும் சான்று சாதாரண ஆள் அல்ல, யாக்ஞவல்கியர்.

ஜனகன் அவையில், கொம்புகளில் பொன் கட்டிய ஆயிரம் பசுக்கள் பரிசாக நின்றன. வாதம் தொடங்கும் முன்பே அவற்றை ஓட்டிச் செல்லும்படி மாணவனிடம் சொன்னார் யாக்ஞவல்கியர். எதிர்த்தவர் அனைவரையும் வென்றார். கடைசியில் சாகல்யர் விடை சொல்ல முடியாமல் தலை இழந்தார். அறிவில் யாக்ஞவல்கியருக்கு ஐயமில்லை. ஆனாலும் பொருள்மேல் பற்றும், வெல்லும் வேட்கையும், சினமும் இருந்தன என்கிறார் வித்யாரண்யர். பின்னாளில் மனைவியருக்குச் சொத்தைப் பிரித்துக் கொடுத்து வீட்டை விட்டுப் போனது அந்த மிச்சத்தைத் தீர்க்கத்தான் என்பது அவர் கருத்து. ஆகவே ஒருவரின் நிலையை வாதத் திறமையால் அளக்கக் கூடாது. எதிர்ப்பையும் இழப்பையும் அவர் எப்படி எதிர்கொள்கிறார் என்று பார்க்க வேண்டும்.

தமிழ்ச் சைவம் வேறொரு தெளிவான பதிலைத் தருகிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் முத்தரைத் தனியே குகைக்கு அனுப்பவில்லை. இறைவன் திருவடியை அடையவிடாமல் தடுக்கும் மலத்தைக் கழுவி, அன்பரோடு கூடி, அடியாரின் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே தொழும்படி சொல்கிறது. பெருங்காயம் இருந்த பாண்டத்தில் மணம் நிற்பதுபோல, மலத்தின் வாசனை நின்று மீண்டும் தலைதூக்கலாம். அதற்குக் காப்பு இந்த வழிபாடும் கூட்டமும். முத்தி கிடைத்த பின் கோயில் எதற்கு என்று கேட்பவருக்கு, அந்த நூலின் 12 சூத்திரங்களில் கடைசிச் சூத்திரமே விடை.