நடுவில் நின்றவரை நீக்குதல்

மூலனூர் ஸ்டூடியோ ஒன்றில், ஐவர் வரிசையாக நிற்கும் படத்தில் நடுவில் நிற்பவரை ஃபோட்டோஷாப்பில் நீக்க வேண்டும் என்று கொள்வோம். படம் 4500 பிக்சல் அகலம், 3000 உயரம். 12க்கு 8 அங்குல அச்சு.

முதலில் நான்காமவரின் தோள் விளிம்பை ஒட்டி வெட்டி, வலப்பக்கம் முழுவதையும் தனி லேயராக எடுக்க வேண்டும். அதை 750 பிக்சல் இடப்பக்கம் நகர்த்தினால் நடுவில் நின்றவர் மறைவார். வலப்புறம் மிஞ்சும் பட்டையை வெட்டியதும் அகலம் 3750 ஆகும். 10க்கு 8 சட்டத்தில் சரியாக அமரும்.

ஒட்டு, சுவரின் நடுவில் ஓடாமல் ஆளின் விளிம்போடு ஓடினால் கண்ணில் படாது. தரை ஓட்டின் கோடு முறிவதும், நீக்கப்பட்டவரின் நிழல் தங்குவதும் வேலையைக் காட்டிக்கொடுக்கும். அவர் கை அடுத்தவர் தோளில் இருந்தால் இம்முறை மட்டும் போதாது; கை மறைத்த தோள் துணியைத் தனியே நிரப்ப வேண்டும்.