பலவுள் தெரிவு வினாக்களின் பகுப்பாய்வு: நீக்கமும் திருத்தமும்

அடைவுத் தேர்வை உருவாக்கும் கல்வியியல் ஆய்வேடுகளில் வினாப் பகுப்பாய்வு பெரும்பாலும் ஓர் அட்டவணையோடு முடிந்துவிடுகிறது. வேறுபடுத்தும் குறியீடு 0.20-க்குக் கீழ் இறங்கிய வினாக்கள் நீக்கப்படுகின்றன. அவை ஏன் இறங்கின என்பது ஆராயப்படுவதில்லை. ஈபெல் வகுத்த எல்லைகளின்படி அத்தகைய வினா நீக்கப்படலாம், திருத்தப்படவும் செய்யலாம். ஆய்வேடுகள் முன்னதை மட்டுமே பின்பற்றுகின்றன.

எடுத்துக்காட்டாக, 100 மாணவர் எழுதிய இலக்கணத் தேர்வு ஒன்றைக் கொள்ளலாம். கெல்லி 1939-இல் பரிந்துரைத்தவாறு, மொத்த மதிப்பெண் வரிசையில் மேல் 27 பேரும் கீழ் 27 பேரும் பிரிக்கப்படுகின்றனர். வினா: ‘சார்பெழுத்துகள் எத்தனை வகைப்படும்?’ தெரிவுகள் 2, 3, 5, 10, விடைக்குறிப்பு 10. மேல்குழுவில் 11 பேரும் கீழ்க்குழுவில் 14 பேரும் 10 என விடையளித்துள்ளனர் என்க.

கடினநிலைக் குறியீடு என்பது இரு குழுவிலும் சரியாக விடையளித்தோரின் விகிதம்: 25/54, அதாவது 0.46. (பெயருக்கு மாறாக, இவ்வெண் உயர உயர வினா எளிதாகிறது.) இவ்வளவில் வினா நடுத்தரமானது, குறை ஏதும் புலப்படவில்லை. வேறுபடுத்தும் குறியீடோ (11 – 14)/27, அதாவது –0.11. நன்கு கற்றவரே மிகுதியாகத் தவறுகின்றனர் என்பது இதன் பொருள். வழக்கமான ஆய்வேட்டில் இவ்வினா இங்கேயே நீக்கப்பட்டுவிடும்.

ஆனால் தவறெனக் கொள்ளப்பட்ட தெரிவுகளையும் எண்ணிப் பார்த்தால் காரணம் தெளிவாகிறது. 3 என்பதை மேல்குழுவில் 14 பேரும் கீழ்க்குழுவில் 4 பேரும் தேர்ந்துள்ளனர். தவறான தெரிவு ஒன்று கீழ்க்குழுவினரையே மிகுதியாக ஈர்க்க வேண்டும். இங்கு நேர்மாறாக உள்ளது. குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் என மூன்றைக் கூறுவது தொல்காப்பியம். பத்து எனக் கூறுவது நன்னூல். வினா எந்நூலையும் சுட்டவில்லை. ஆகவே பிழை மாணவருடையதன்று, வினா அமைத்தவருடையது. இரு விடைகளையும் ஏற்று மதிப்பிட்டால் மேல்குழுவில் 25, கீழ்க்குழுவில் 18 எனக் குறியீடு 0.26 ஆக உயர்கிறது. ‘நன்னூலின்படி’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்து மீண்டும் முன்னோட்டத் தேர்வில் இடுவதே முறை. நீக்கினால் சார்பெழுத்து என்னும் பாடப்பகுதியே தேர்விலிருந்து விடுபட நேரும். பிறகு உள்ளடக்க ஏற்புடைமை பற்றிப் பேசுவது எங்ஙனம்?

மிக எளிய வினாக்களுக்கு இழைக்கப்படும் தவறு வேறு வகையானது. மேல்குழுவில் 27 பேரும் கீழ்க்குழுவில் 25 பேரும் சரியாக விடையளித்தால் வேறுபடுத்தும் குறியீடு 0.07 மட்டுமே. 54 பேரில் இருவர் மட்டுமே தவறிய வினாவுக்கு அதைவிட உயர்ந்த மதிப்பு கிடைக்கவே வழியில்லை. அடிப்படை அறிவு அனைவரையும் சென்றடைந்ததா என அறிவதற்கு வைத்த வினாவை இக்காரணத்தால் நீக்குவது பொருந்தாது.

சிறு வகுப்புகளில் எல்லைக்கோடே நிலையற்றது. 40 மாணவருக்குக் குழுவொன்றில் 11 பேரே அமைவர். ஒருவரின் விடை மாறினால் குறியீடு 0.09 அளவு நகரும். 0.18 பெற்ற வினாவை நீக்கி 0.27 பெற்றதை ஏற்கும் ஆய்வாளர், உண்மையில் ஒரே ஒரு மாணவரின் விடையைக் கொண்டு முடிவெடுக்கிறார்.