பின் பற்றாக்குறையும் இரண்டு கம்பி மோகமும்

வண்டியின் பயணத்தைப் பதிவு செய்ய ஒரு சின்னக் கருவி. மூளையாக ஆர்டுயினோ உனோ போர்டு. இடம் சொல்ல ஜிபிஎஸ், பதிந்து வைக்க எஸ்டி கார்டு, காட்ட 16×2 எல்சிடி, நேரத்துக்கு டிஎஸ்3231 கடிகாரம், ஓட்டுநர் எண்ணை அழுத்த ஒரு 4×4 கீபேட். உனோவில் நமக்குக் கிடைப்பவை 20 பின்கள். எல்சிடியை நேரடியாக இணைத்தால் 6 போகும். கீபேட் 8, எஸ்டி கார்டு 4, சீரியலுக்கு 2, கடிகாரத்துக்கு 2. மொத்தம் 22. இரண்டு பின் குறைகிறது.

இந்த நிலையில் யாரைக் கேட்டாலும் உடனே வரும் பதில், "ஐ2சி-க்கு மாற்றிவிடு" என்பதுதான். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. எல்சிடியின் முதுகில் பிசிஎஃப்8574 சிப் உள்ள சிறு போர்டு ஒன்றைப் பற்றவைத்தால் ஆறு பின்களும் மிச்சம். கடிகாரம் ஏற்கெனவே இருக்கும் அதே இரண்டு கம்பிகளில் எல்சிடியும் தொற்றிக்கொள்ளும். 22 என்பது 16 ஆகி, நான்கு பின்கள் கையில் மிஞ்சும். கேட்டதற்குப் பதில் சொல்லும் வழக்கமும் ஐ2சி-யில் உண்டு. முகவரியைக் கூப்பிட்டால் சிப் 'இருக்கிறேன்' என்று ஒரு பிட் திருப்பி அனுப்பும். இணைப்பு விட்டுப்போனால் நிரலுக்கு அது தெரிந்துவிடும். எஸ்பிஐ-யில் இந்த வசதி கிடையாது. கழன்று கிடக்கும் சிப்பைப் படித்தாலும் 0xFF என்றோ 0x00 என்றோ ஏதாவது ஒரு எண் வந்துகொண்டேதான் இருக்கும்.

என் குறை ஐ2சி மேல் அல்ல; பின்னை மட்டும் எண்ணிப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கத்தின் மேல். மிச்சமாகும் பின்னுக்கான விலையை நேரமாகக் கொடுக்கிறோம். அந்தக் கணக்கைப் பெரும்பாலோர் போடுவதில்லை.

போட்டுப் பார்க்கலாம். ஆர்டுயினோவில் ஐ2சி-யின் இயல்பான வேகம் நொடிக்கு 1,00,000 பிட். பரவலாகப் புழங்கும் எல்சிடி நூலகம் ஓர் எழுத்தை இரண்டு பாதியாக உடைத்து, ஒவ்வொரு பாதிக்கும் மூன்று முறை என ஆறு முறை பிசிஎஃப் சிப்புக்கு எழுதுகிறது. ஒவ்வொரு முறையும் முகவரி, தரவு என்று இரண்டு பைட்டுகள். ஆக ஓர் எழுத்துக்கு ஒரு மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். 32 எழுத்துகளையும் புதுப்பித்தால் சுமார் 40 மில்லிசெகண்ட். மனிதக் கண்ணுக்கு இது தாமதமே இல்லை. ஆனால் அதே நேரத்தில் ஜிபிஎஸ் 9600 வேகத்தில் பேசிக்கொண்டிருக்கிறது. 40 மில்லிசெகண்டில் அது ஏறக்குறைய 40 பைட்டுகளைக் கொட்டிவிடும். உனோவின் சீரியல் தாங்கி பிடித்துவைப்பதோ 64 பைட்டுகள் மட்டுமே.

எல்சிடி மட்டும் என்றால் இது தாங்கும். கூடவே எஸ்டி கார்டு எழுதத் தொடங்கினால்தான் சிக்கல். 512 பைட் கொண்ட ஒரு தொகுதியை எஸ்பிஐ வழியே தள்ள ஓரிரு மில்லிசெகண்ட் போதும். ஆனால் கார்டு உள்ளுக்குள் அழித்து எழுதும்போது பதில் சொல்லாமல் அடம்பிடிக்கும். அந்த இடைவெளி சில சமயம் 100 மில்லிசெகண்டைத் தாண்டும். அதற்குள் தாங்கி வழிந்து, ஜிபிஎஸ் வாக்கியத்தின் நடுப்பகுதி காணாமல் போகும். வெளியே தெரியும் அறிகுறி விசித்திரமானது. இடம் சரியாகவே காட்டும், அவ்வப்போது மட்டும் ஒரு நொடிப் பதிவு விடுபடும். `TinyGPSPlus` நூலகம் பயன்படுத்துபவர்கள் `failedChecksum()` தரும் எண்ணை அச்சிட்டுப் பார்த்தால் போதும். அது ஏறிக்கொண்டே போனால் பைட்டுகள் வழிகின்றன என்று அர்த்தம்.

ஆகவே 'இது எத்தனை பின் கேட்கும்?' என்பதற்கு முன்னால் 'இது கேட்டால்தான் பேசுமா, தானாகப் பேசுமா?' என்று கேட்க வேண்டும். எல்சிடி, கடிகாரம், எஸ்டி கார்டு மூன்றும் கேட்டால்தான் பேசும்; காத்திருக்கச் சொன்னால் காத்திருக்கும். ஜிபிஎஸ் யாரையும் கேட்பதில்லை. அதற்கு எப்போதும் திறந்திருக்கும் காது வேண்டும். உனோவில் அப்படிப்பட்ட வன்பொருள் காது ஒன்றே ஒன்று, 0-ஆம் பின்னில்.

அந்தப் பின்னை யூஎஸ்பி பயன்படுத்துகிறதே என்று பலர் ஜிபிஎஸ்ஸை `SoftwareSerial`-க்கு அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு இது மோசமான பேரமாகவே படுகிறது. அந்த நூலகம் ஒரு பைட் வந்து முடியும் வரை, அதாவது சுமார் ஒரு மில்லிசெகண்ட், மற்ற இன்டரப்ட்களை நிறுத்திவைக்கும். ஜிபிஎஸ் நொடிக்கு 480 பைட் அனுப்பினால், போர்டு ஒவ்வொரு நொடியிலும் பாதியை வேறு எதையும் கவனிக்காமல் கழிக்கிறது. இதற்கு மேல் ஒரு பின் கூடுதலாகவும் செலவாகிறது.

ஜிபிஎஸ்ஸுக்கு நாம் கட்டளை அனுப்பப் போவதில்லை என்றால் அதற்குத் தேவை ஒரு கம்பிதான். அதன் அனுப்பும் கம்பியை 0-ஆம் பின்னில் கொடுத்துவிட்டு, 1-ஆம் பின்னைக் கணினிக்குச் செய்தி அச்சிட வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே 9600 வேகத்தில் ஓட வேண்டும் என்பதே நிபந்தனை. நிரல் ஏற்றும்போது மட்டும் அந்தக் கம்பியைக் கழற்ற வேண்டும். மறந்தால் `stk500_getsync()` என்று திரையில் பிழை வரும். எரிச்சலான வேலைதான், ஆனால் அது நம் மேசையில் முடிந்துவிடுகிறது, வண்டியில் தொடர்வதில்லை.

காது சரியானதும் மிச்ச வேலை நேரம் பார்த்துச் செய்வது. ஜிபிஎஸ் ஒரு நொடிக்கு ஒரு முறை வாக்கியங்களைக் கொத்தாகக் கொட்டிவிட்டு, ஏறக்குறைய அரை நொடி மௌனமாக இருக்கும். கடைசி வாக்கியம் வந்ததும் எஸ்டி கார்டில் எழுதி, எல்சிடியைப் புதுப்பித்துவிட்டால் எதுவும் எதனோடும் மோதாது. நொடிக்கு ஐந்து முறை இடம் வேண்டும் என்று ஜிபிஎஸ்ஸை மாற்றினால் இந்த மௌனம் போய்விடும். அப்போது வேண்டாத வாக்கிய வகைகளை நிறுத்தி, வேகத்தையும் கூட்ட வேண்டும். ஆக அந்த இன்னொரு கம்பியும் தேவைப்படும்.

எஸ்பிஐ-க்கு வரும் ஆபத்து வேறு. மூன்று கம்பிகளைப் பகிரலாம், சாதனத்துக்கு ஒரு தேர்வுப் பின் மட்டும் கூடும் என்பார்கள். மலிவான சில எஸ்டி மாட்யூல்களில் மின்னழுத்தம் மாற்றும் சிப், தேர்வுப் பின்னைப் பொருட்படுத்தாமல் தன் வெளியீட்டுக் கம்பியை எப்போதும் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டாவது எஸ்பிஐ சாதனம் தனியாக வேலை செய்யும், கார்டோடு சேர்த்தால் செத்துவிடும். மிஞ்சிய நான்கு பின்களை நம்பி இன்னொரு எஸ்பிஐ சாதனம் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் இதைச் சோதித்துக்கொள்வது நல்லது.

ஐ2சி-யின் உண்மையான பலவீனம் வண்டிக்குள்தான் வெளிப்படும். பிலிப்ஸ் நிறுவனம் 1982-இல் இதை உருவாக்கியது, தொலைக்காட்சிப் பெட்டி போன்ற ஒரே கூட்டுக்குள் இருக்கும் சிப்கள் தமக்குள் பேசிக்கொள்ள. இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது மின்னழுத்தம் சரிந்து உனோ ரீசெட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் கடிகாரம் பாதிப் பைட்டைச் சொல்லிக்கொண்டிருந்தால், அடுத்த துடிப்புக்காக எஸ்டிஏ கம்பியைத் தாழ்த்திப் பிடித்தபடி அது காத்து நிற்கும். உனோ திரும்ப எழுந்து வந்தாலும் பஸ்ஸில் பேச முடியாது. எல்சிடியும் அதே கம்பியில் இருப்பதால் பிழைச் செய்தியைக் காட்டக்கூட வழியில்லை. மல்டிமீட்டரில் எஸ்டிஏ 5 வோல்ட்டுக்குப் பதில் பூஜ்ஜியத்தை ஒட்டி நின்றால் இதுதான் நோய்.

ஆர்டுயினோவின் பழைய `Wire` நூலகம் இங்கே முடிவில்லாமல் காத்துக் கிடந்தது. பின்னால் காலக்கெடு வந்தது, ஆனால் நாமே சொன்னால்தான் செயல்படும்:

```
Wire.begin();
Wire.setWireTimeout(25000, true);
```

இது நிரலை நகரவைக்குமே தவிர, பிடித்திருக்கும் கம்பியை விடுவிக்காது. அதற்கு `Wire.begin()`-க்கு முன்பே எஸ்சிஎல் பின்னை நாமே ஒன்பது முறை வரை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். கடிகாரம் மீதிப் பிட்டுகளைச் சொல்லி முடித்து எஸ்டிஏ-வை விட்டுவிடும்.

எல்லாவற்றையும் இரண்டு கம்பியில் மாட்டும் ஆசையில் கீபேடையும் இன்னொரு பிசிஎஃப் சிப்பில் போடலாம் என்று தோன்றும். இந்தக் கருவிக்கு நான் அதைச் செய்ய மாட்டேன். இப்போதே நான்கு பின்கள் மீதம் இருக்கின்றன. தவிர, பஸ் தொங்கிப்போகும் நேரத்தில் ஓட்டுநர் அழுத்தும் பொத்தானாவது நேராக உனோவுக்கு எட்ட வேண்டும்.