குறியீட்டில் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையின் மோட்டார் பேரிங் இறுகிவிட்டால், மெயின்டனன்ஸ் ஆள் முதலில் வந்து நிற்பது அக்கம்பக்கத்து ஸ்பேர்ஸ் கடையில்தான். ஆலை நின்றுகொண்டிருக்கிறது, அவருக்குப் பத்து நிமிடத்தில் சரியான உருப்படி வேண்டும். இப்படி ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். அங்கே சரக்குக்கு 1 தொடங்கி வரிசையாக எண் போட்டிருக்கிறார்கள். 1482 என்றால் பேரிங், 1483 என்றால் ஆயில் சீல், 1484 மறுபடி ஒரு பேரிங். எது முன்னால் லாரியிலிருந்து இறங்கியதோ அதற்கு முந்தைய எண், அவ்வளவுதான். பழைய ஆட்களுக்கு எல்லாம் மனப்பாடம். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு 1482க்கும் 1842க்கும் வித்தியாசமே தெரியாது.

ஒரு நாள் கடை முதலாளி அலுத்துப்போய், பார்த்தாலே பொருள் எதுவென்று புரிகிற குறியீட்டுக்கு மாறுவதென்று முடிவெடுக்கிறார். அரைப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிக் கவுன்டருக்குப் பின்னால் ஒட்டுகிறார். அது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

```
BR-6205-03-R4
BR   : பேரிங்
6205 : அளவு (பேரிங் மேலேயே இருக்கும்)
03   : இரண்டு பக்கமும் ரப்பர் சீல்
R4   : நாலாவது ரேக்
```

இந்தக் குறிப்பின் பெரிய பலம் அதன் இரண்டாவது பகுதி. 6205 என்பது முதலாளி யோசித்துக் கண்டுபிடித்த எண் இல்லை. உலகம் முழுக்க பேரிங் கம்பெனிகள் பொறிக்கும் எண். 6 என்றால் சாதாரண ஒற்றை வரிசை பால் பேரிங். 2 அதன் கனத்தையும் வெளிவிட்டத்தையும் முடிவு செய்கிற வரிசை. கடைசி 05ஐ ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் 25 மி.மீ. பழைய பேரிங்கைக் கையில் கொண்டுவருகிறவர் அதன்மேல் படிப்பதும், ரேக்கில் ஒட்டியிருப்பதும், பில்லில் அடிப்பதும் ஒன்றாகிவிடுகிறது. ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. தமிழும் தெலுங்கும் இந்தியும் கலந்து பேசுகிற கடையில், எல்லோரும் ஒரே மாதிரி வாசிக்கிற குறி கிடைப்பது சின்ன லாபமில்லை.

ஆனால் "ஐந்தால் பெருக்கு" என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் ஆபத்து. அந்தக் கணக்கு 04லிருந்துதான் தொடங்கும். 00 என்றால் 10 மி.மீ., 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. விதியை மட்டும் படித்த பையன் 6203ஐ 15 மி.மீ. தண்டுக்கு எடுத்துக் கொடுப்பான். போனது போலவே திரும்பி வரும். விதிவிலக்குகளை எழுத அந்த அரைப் பக்கத்தில் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாலு வரிதான்.

பெரிய கோளாறு கடைசிப் பகுதியில் இருக்கிறது. R4 என்பது பொருளின் குணம் இல்லை, அது இன்றைக்கு இருக்கிற இடம். தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது ரேக்கை மாற்றி வைத்தால் குறியீடு பொய் சொல்லத் தொடங்கும். அப்போது நூற்றுக்கணக்கான லேபிள்களைக் கிழித்து ஒட்ட வேண்டும், இல்லையென்றால் பொய்யோடு வாழப் பழக வேண்டும். கடைகள் வாடிக்கையாகப் பழகிக்கொள்வதையே தேர்ந்தெடுக்கும். வண்டி எண்ணைப் பாருங்கள்: TN 20 என்று தொடங்கினால் திருவள்ளூரில் பதிவானது என்று அர்த்தம், வண்டி இப்போது மதுரையில் ஓடிக்கொண்டிருக்கலாம். பதிவான இடம் என்றைக்கும் மாறாது என்பதால் அந்த எண் பொய்யாவதில்லை. அஞ்சல் குறியீட்டிலும் கும்மிடிப்பூண்டியின் 601201 இடத்தைத்தான் சொல்கிறது, ஆனால் அங்கே ஊர் நகர்வதில்லை. ரேக் நகரும். சப்ளையர் பெயரும் விலையும் அப்படியே. இவற்றுக்குக் கம்ப்யூட்டரில் தனிப் பத்தி இருந்தால் போதும்.

அடுத்த சிக்கல், எழுதும் நாளில் கண்ணில் படாதது. அளவுக்கு நாலு இலக்கம் என்று ஒதுக்கியாயிற்று. பேரிங்குக்குப் பொருந்துகிறது. M12 போல்ட், 50 மி.மீ. நீளம் என்றால் `BT-1250`, அழகு. அதே M12 போல்ட் 120 மி.மீ. நீளத்தில் வந்தால்? ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், கனம் என்று மூன்று அளவு வேண்டும்: 25×47×7. நாலு இலக்கத்தில் 2547 வரை எழுதலாம், 7 வெளியே நிற்கும். கனம் 10 உள்ள சீலும் அதே 2547தான். அப்போது ஆளுக்கு ஆள் ஒரு ஒட்டு வேலை செய்வார்கள். ஒருவர் பின்னால் A சேர்ப்பார், இன்னொருவர் புள்ளி வைப்பார். ஆறு மாதத்தில் ஒரே சீலுக்கு இரண்டு குறியீடு, இரண்டு இடத்தில் பாதிப் பாதி ஸ்டாக்.

எல்லாவற்றையும் எண்ணுக்குள் அடைக்கும் ஆசையே இதற்குக் காரணம். ரயில்வேயின் ஸ்டோர்களில் புழங்கும் PL எண்ணில் 8 இலக்கம். முதல் இரண்டு பொருளின் பிரிவு, கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். நடுவில் உள்பிரிவுக்குப் பிறகு வருவது வெறும் வரிசை எண். அத்தனை பெரிய ஸ்டோருக்கே வகையை மட்டும் சொல்லிவிட்டு மீதியை விவரப் பட்டியலுக்கு விட்டால் போதுமாக இருக்கிறது. சீலுக்கு `OS-0117` என்று பேசாத எண் கொடுத்துவிட்டு, 25×47×7ஐ லேபிளில் பெரிதாக அச்சடிப்பது ஒன்றும் அவமானமில்லை. பேரிங்குக்கு மட்டும் அதன் சொந்த எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

புரிகிற குறியீட்டுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு: தப்பும் பார்க்க ஒழுங்காகவே இருக்கும். 6205க்குப் பதில் 6305 என்று அடித்தால் யாருக்கும் சந்தேகம் வராது, அதுவும் ஒரு நிஜ பேரிங். உள்விட்டம் இரண்டுக்கும் 25தான். வெளிவிட்டம் ஒன்றுக்கு 52, மற்றதுக்கு 62 மி.மீ. ஆலையில் ஹவுசிங் முன்னால் போய் நின்ற பிறகுதான் தெரியும். இதற்குக் கடையில் செய்யக்கூடியது ஒரு சரிபார்ப்பு இலக்கம். 620503 என்ற ஆறு இலக்கங்களை 3, 1, 3, 1, 3, 1 என்று பெருக்கிக் கூட்டினால் 28. அடுத்த பத்தை எட்ட 2 வேண்டும். அதுதான் கடைசி இலக்கம். 630503க்குக் கூட்டல் 29, இலக்கம் 1. எனவே 2 என்று முடிகிற குறியீட்டில் 6205க்குப் பதில் 6305 என்று அடித்தால் கம்ப்யூட்டர் ஏற்காது. பார்கோடுகளிலும் ஏறக்குறைய இதே கணக்குதான். இதிலும் ஓர் ஓட்டை: பக்கத்துப் பக்கத்து 0, 5 இடம் மாறினால் கூட்டல் மாறினாலும் கடைசி இலக்கம் மாறாது. 05 என்று முடிகிற பேரிங் நிறைய இருக்கும் கடையில் இதை அலட்சியப்படுத்த முடியாது. நல்லவேளையாக 6250 என்று சரக்குப் பட்டியலில் எதுவும் இருக்காது, அங்கே பிடிபடும்.

குறிப்பு சொல்லாமல் விட்டது பழைய எண்களின் கதி. 1482 என்ற எண் கடைக்குள் மட்டும் இல்லை. வாடிக்கை ஆலைகளின் ஸ்டோர் கீப்பர்கள் அதைத் தங்கள் பர்சேஸ் ஆர்டரில் எழுதி வைத்திருப்பார்கள். அவர்களிடம் போய் மாற்றச் சொல்ல முடியாது. டேலியில் ஒவ்வொரு பொருளுக்கும் மாற்றுப் பெயர் வைக்கலாம். 1482ஐ அங்கே போட்டுவிட்டால் எந்த எண்ணை அடித்தாலும் ஒரே சரக்கு வந்து நிற்கும். ஒரே நிபந்தனை, அந்த 1482ஐ இனி வேறு எந்தப் பொருளுக்கும் கொடுக்கக்கூடாது. மாற்றும் வேலையையும் கடை முழுக்க ஒரே இரவில் செய்யாமல், மார்ச் 31 கணக்கெடுப்பின்போது ஒவ்வொரு ரேக்காக எண்ணி, எண்ணிய ரேக்குக்கு மட்டும் புது லேபிள் ஒட்டிக்கொண்டே போகலாம். எண்ணும்போது எப்படியும் ஒவ்வொரு டப்பாவையும் கையில் எடுத்தாக வேண்டும்.